பில்லில் 4,932 ரூபாய் கூடுதல்: திருத்தித் தரச் சொல்லி எழுதிய ஒரு கடிதம்

பெங்களூரு பீன்யாவில், எலக்ட்ரிக்கல் பேனல் பாக்ஸ் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். பதினான்கு பேர் வேலை செய்யும் இடம். இரும்பு ஷீட் வாங்கி, வெட்டி, மடித்து, வெல்டிங் செய்து, பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பி, பாக்ஸாக்கி விற்கிறோம். மாதத்துக்கு நாற்பது ஐம்பது பில் வரும். ஒவ்வொன்றையும் நாங்கள் கொடுத்த ஆர்டரோடும், ஸ்டோரில் இறங்கிய சரக்கோடும் ஒத்துப் பார்த்துப் பணம் அனுப்புவது என் பொறுப்பு.

ஷீட் பில்லில் தப்பு வருவது புதிதல்ல. இரும்பின் ரேட் அடிக்கடி மாறும். ஆர்டர் கொடுத்த நாளில் ஒரு ரேட், பில் போடும் நாளில் இன்னொரு ரேட். பில் போடுகிற பையன் கம்ப்யூட்டரில் அன்றைக்கு என்ன ரேட் ஏற்றியிருக்கிறதோ அதையே எடுத்துப் போட்டுவிடுவான். யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. ஆனால் நாம் கேட்காவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

எப்படிக் கேட்பது என்பதை நான் ஒரு தடவை தவறாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். அது 2025 மார்ச். மைசூர் ரோடு பக்கம் இருக்கும் ஷீட் வியாபாரியிடமிருந்து மார்ச் 12 தேதியிட்ட பில் வந்தது. கூட்டிப் பார்த்ததில் மூவாயிரத்துச் சொச்சம் அதிகம். உடனே போன் போட்டேன். அங்கே பில் போடும் தம்பி கிருஷ்ணகிரிக்காரர். "அக்கா, பாத்துட்டு சொல்றேன்" என்றார். ஒரு வாரம் போனது. வாட்ஸ்அப்பில், "பில்லில் மூவாயிரம் கூடுதலாக இருக்கிறது, சீக்கிரம் திருத்தி அனுப்புங்கள்" என்று எழுதினேன். மூன்று நாள் கழித்து ஒரு பிடிஎஃப் வந்தது. அதே பில் நம்பர், அதே தேதி, தொகை மட்டும் குறைந்திருந்தது. எனக்கு நிம்மதி. பழைய பிரிண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை ஃபைலில் வைத்தேன்.

ஏப்ரல் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில், விற்றவர்கள் பதிந்த பில்களின்படி எங்களுக்குக் கிடைக்கும் வரிப் பயனைக் காட்டும் 2பி அறிக்கையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அங்கே பழைய தொகையே நிற்கிறது என்று. அந்த வியாபாரி இ-இன்வாய்ஸ் போடுகிறவர். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் அது கட்டாயம். பில்லை அரசின் தளத்தில் பதிந்து, ஐஆர்என் என்ற நீண்ட எண்ணும் க்யூஆர் கட்டமும் வாங்கித்தான் பில் வெளியே வர வேண்டும். பதிந்த 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தில் ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு முடியாது. ரத்து செய்தாலும் அதே நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது. அப்படியிருக்க, அதே நம்பரில் "திருத்திய பில்" என்று எனக்கு வந்தது வெறும் காகிதம். கணக்கில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. அந்தத் தம்பி பில் ஃபைலைத் திறந்து தொகையை மாற்றி மறுபடி பிரிண்ட் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். புதிய பிடிஎஃபில் க்யூஆர் கட்டம் இருந்தது. ஆனால் அதை ஸ்கேன் செய்தால் பழைய தொகைதான் வந்தது. அப்போதே ஸ்கேன் செய்து பார்த்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. இந்த மாதிரிப் பில்லைச் சரிசெய்ய, கூடுதலாகப் போட்ட தொகையைக் குறைத்து விற்றவர் தரும் கிரெடிட் நோட் வேண்டும் என்று ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஆடிட்டர் சொல்லியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களிடம் அதையும் கேட்டேன். "ஏப்ரல் 10க்குள் வேண்டும்" என்று எழுதினேன். 11ஆம் தேதி அவர்கள் முந்தைய மாத விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னாகத் தாக்கல் செய்யும் கடைசி நாள், அதற்கு முன்னால் கிடைத்தால் மார்ச் கணக்கிலேயே சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவர்களும் ஏப்ரல் 9 தேதியிட்டுக் கொடுத்தார்கள், சொன்ன நாளுக்கு முன்பே. ஆனால் கிரெடிட் நோட் எந்த மாதத் தேதியில் போடப்படுகிறதோ அந்த மாதத்து ரிட்டர்னில்தான் போகும். ஏப்ரல் 9 தேதியிட்டது ஏப்ரல் கணக்கு, மே மாதம்தான் 2பியில் வரும். அதோடு மார்ச் 31இல் நிதியாண்டே முடிந்துவிட்டது. பில் ஒரு ஆண்டில், அதன் திருத்தம் அடுத்த ஆண்டில். ஆடிட்டர் அதற்குத் தனியாக ஒரு பதிவு போட வேண்டியிருந்தது. என்னைத் திட்டவில்லை. "11ஆம் தேதி ரிட்டர்ன் போடும் நாள்மா. உனக்கு வேண்டியது மாதக் கடைசி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம்தான் ஜூன் மாதம் எனக்குக் கை கொடுத்தது.

2025 ஜூன் 18 தேதியிட்டு அதே வியாபாரியிடமிருந்து இன்னொரு பில் வந்தது. சரக்கு 19ஆம் தேதி இறங்கியது. 21, சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு வரி: 16 கேஜ் சிஆர் ஷீட் 750 கிலோ, 18 கேஜ் ஜிஐ ஷீட் 300 கிலோ, எம்எஸ் ஆங்கிள் 200 கிலோ, லாரி வாடகை. ஜிஎஸ்டிக்கு முன் 87,500 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் 15,750, மொத்தம் 1,03,250. அழகான முழு எண். இப்படி முழுசாக வந்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

முதலில் ஆர்டரை எடுத்தேன். ஜூன் 12 தேதியிட்டது. சிஆர் ஷீட் கிலோ 68 என்றிருந்தது, பில்லில் 70. ஜிஐ ஷீட் ரேட் 74, ஆங்கிள் 58, இரண்டும் சரி. லாரி வாடகை 1,200 என்று பில்லில் ஒரு வரி, ஆர்டரிலோ "எங்கள் பட்டறை வரை கொண்டு வந்து சேர்க்கும் விலை" என்று தெளிவாக இருந்தது.

ஆர்டர் மட்டும் போதாது. நாம் கொடுத்த ஆர்டர் நாம் சொன்னது, அவர்கள் ஒத்துக்கொண்டது எங்கே என்று பார்க்க வேண்டும். இதையும் நான் முன்பே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை பவுடர் வியாபாரியிடம் ரேட் தப்பு என்று மூன்று நாள் வாதாடிவிட்டேன். கடைசியில் பார்த்தால் எங்கள் முதலாளியே போனில் புது ரேட்டுக்குச் சரி சொல்லியிருந்தார், என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். அதிலிருந்து, எழுதுவதற்கு முன்னால் அவரிடம், "அண்ணா, இந்த ரேட்டுல ஏதாவது பேசினீங்களா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. இந்தத் தடவை அவர், "இல்லம்மா, 68தான். அவங்களே மெயில்ல ஓகே சொன்னாங்க" என்றார். தேடினேன். ஜூன் 13 தேதியிட்ட மெயில் கிடைத்தது: ஆர்டரை ஏற்றுக்கொண்டோம், 68 ரூபாய், அனுப்புகிறோம். இந்தத் தேதிக்குள் அனுப்பினால்தான் இந்த ரேட் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. இருந்திருந்தால் கதை வேறு, அந்த வரியை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

அடுத்தது எடை. எங்கள் ஸ்டோர் அண்ணன் சரக்கு இறங்கும்போது பிளாட்ஃபார்ம் தராசில் போட்டு எடுத்து, சரக்கோடு வரும் செலானின் நம் காப்பியில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார். சிஆர் 750, ஆங்கிள் 200, ஜிஐ 280. பில்லில் ஜிஐ 300. இருபது கிலோ எங்கே போனது?

தராசுக்குத் தராசு கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒன்றிரண்டு கிலோவுக்கெல்லாம் நாங்கள் கேட்பதில்லை. இது அந்த மாதிரி இல்லை. ஸ்டோர் அண்ணனிடம் எத்தனை ஷீட் வந்தது என்று கேட்டேன். பத்து என்றார். எட்டுக்கு நான்கு அடி ஷீட், 1.2 மில்லிமீட்டர் தடிமன். இரும்பின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு ஷீட் ஏறக்குறைய 28 கிலோ. பத்து ஷீட் 280. எங்கள் தராசு சரி, கணக்கும் சரி. 300 கிலோ வரவேண்டுமானால் பத்தே முக்கால் ஷீட் வர வேண்டும், ஷீட்டை அப்படி யாரும் அனுப்ப மாட்டார்கள். அப்போதுதான் நடந்தது புரிந்தது. நாங்கள் ஆர்டரில் தோராயமாக 300 என்று போட்டிருந்தோம். குடோனில் பத்து முழு ஷீட் ஏற்றினார்கள். பில் போட்டவர் ஏற்றியதைப் பார்க்காமல் ஆர்டரில் இருந்த எடையைப் போட்டுவிட்டார்.

இந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. "இருபது கிலோ குறைகிறது" என்று மட்டும் எழுதினால் அவர்கள் தங்கள் குடோன் ஆளைச் சந்தேகப்படுவார்கள், இல்லையென்றால் எங்கள் தராசைச் சந்தேகப்படுவார்கள். இரண்டும் நாள் கணக்கில் இழுக்கும். "பத்து ஷீட் அனுப்பினீர்கள், பத்து ஷீட்டின் எடை 280" என்று எழுதினால் அவர்கள் குடோன் நோட்டைத் திறந்து பத்து என்று பார்த்தால் போதும், விஷயம் முடிந்தது.

தப்பு தெரிந்ததும் அடுத்த கேள்வி, என்ன கேட்பது? பில் 18ஆம் தேதி போடப்பட்டது, 24 மணி நேரம் எப்போதோ போய்விட்டது. அதனால் திருத்திய பில் கேட்கக் கூடாது. பில்லில் போட்ட மதிப்பு உண்மையில் கொடுக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தால், விற்றவர் ஜிஎஸ்டி சட்டம் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் கொடுக்கலாம். இ-இன்வாய்ஸ் போடுகிறவர் அந்தக் கிரெடிட் நோட்டையும் அதே தளத்தில் பதிந்து ஐஆர்என் வாங்கித்தான் தர வேண்டும். நாங்களே ஒரு டெபிட் நோட் போட்டுப் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். நம் லெட்ஜருக்கு அது சரி. ஆனால் ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை விற்றவர் போடும் நோட்டுதான் செல்லும். நாம் போட்டால் அவர்கள் கட்டிய வரி குறையாது, நம் 2பியும் மாறாது.

இ-இன்வாய்ஸ் இல்லாத சின்ன வியாபாரியாக இருந்தால் இது கொஞ்சம் சுலபம். அவர் ரிட்டர்ன் போடும் வரை அந்தப் பில்லை ரத்து செய்துவிட்டு வேறு நம்பரில் புதுப் பில் போட்டுக் கொடுக்கலாம். எங்களுக்கு நட்டு போல்ட் தருபவரிடம் அப்படித்தான் கேட்பேன். ஆக, எழுதுவதற்கு முன் பில்லில் க்யூஆர் கட்டமும் ஐஆர்என் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். கேட்க வேண்டியது எது என்று அதுவே சொல்லிவிடும்.

ஜூன் 23 திங்கள் காலையில் கடிதம் அனுப்பினேன். நான் அனுப்பியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். பில் நம்பரையும் பெயர்களையும் மட்டும் விட்டுவிட்டேன்.

"பொருள்: ஜூன் 18 தேதியிட்ட பில்லில் திருத்தம் – 4,932.40 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் வேண்டும் – ஜூன் 27க்குள் பதில்

வணக்கம். மேற்படி பில்லை எங்கள் ஜூன் 12 ஆர்டரோடும், ஜூன் 19 அன்று கையெழுத்தான செலானோடும் ஒத்துப் பார்த்தோம். மூன்று வரிகளில் வித்தியாசம் இருக்கிறது. தொகைகள் எல்லாம் ஜிஎஸ்டிக்கு முன்.

வரி 1, சிஆர் ஷீட் 16 கேஜ். பில்லில் 750 கிலோ, ரேட் 70, தொகை 52,500. இருக்க வேண்டியது 750 கிலோ, ரேட் 68, தொகை 51,000. வித்தியாசம் 1,500. ஆதாரம்: உங்கள் ஜூன் 13 மெயில்.

வரி 2, ஜிஐ ஷீட் 18 கேஜ். பில்லில் 300 கிலோ, ரேட் 74, தொகை 22,200. இருக்க வேண்டியது 280 கிலோ, ரேட் 74, தொகை 20,720. வித்தியாசம் 1,480. வந்தது 10 ஷீட், ஒன்று சுமார் 28 கிலோ. ஆதாரம்: டிரைவர் கையெழுத்திட்ட செலான்.

வரி 3, எம்எஸ் ஆங்கிள். 200 கிலோ, ரேட் 58, தொகை 11,600. சரியாக இருக்கிறது, மாற்றம் இல்லை.

வரி 4, லாரி வாடகை. பில்லில் 1,200. இருக்க வேண்டியது பூஜ்யம். வித்தியாசம் 1,200. ஆதாரம்: ஆர்டரின் 4ஆம் நிபந்தனை.

பில்லின்படி: மதிப்பு 87,500, ஜிஎஸ்டி 15,750, மொத்தம் 1,03,250.
இருக்க வேண்டியது: மதிப்பு 83,320, ஜிஎஸ்டி 14,997.60, மொத்தம் 98,317.60.
கிரெடிட் நோட்: மதிப்பு 4,180, சிஜிஎஸ்டி 376.20, எஸ்ஜிஎஸ்டி 376.20, மொத்தம் 4,932.40.

மேற்படி பில் நம்பரைக் குறிப்பிட்டு, ஐஆர்என்னோடு கிரெடிட் நோட் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து அதே நம்பரில் திருத்திய பில் அனுப்ப வேண்டாம்.

ஏதாவது ஒரு வரியில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் அந்த வரியை மட்டும் ஜூன் 27, வெள்ளி மாலைக்குள் எழுதித் தெரிவியுங்கள், மற்ற வரிகளுக்கான கிரெடிட் நோட்டை அதற்காக நிறுத்த வேண்டாம். கிரெடிட் நோட் ஜூன் 30 அல்லது அதற்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். அப்போதுதான் பில்லும் நோட்டும் ஒரே மாதக் கணக்கில் வரும்.

98,317.60 ரூபாய் பற்றி எங்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. வழக்கமான 30 நாளில், ஜூலை 18 அன்று அனுப்பிவிடுவோம்."

ஆர்டர், அவர்களுடைய மெயில், செலான் மூன்றையும் இணைத்தேன். செலானில் எடை எழுதிய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்திருந்தேன்.

தொகையை ஏன் மூன்று விதமாக எழுதினேன் என்றால், அந்தப் பக்கம் இதைப் பார்க்கப் போகிறவர்கள் மூன்று பேர். பில் போடும் தம்பிக்கு எந்த வரி, எவ்வளவு என்பது வேண்டும். மேனேஜருக்கு மொத்தம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பது வேண்டும். அவர்களுடைய கணக்காளருக்கு ஜிஎஸ்டி தனியாக, மதிப்பு தனியாக வேண்டும், அப்படியே தட்டச்சு செய்யும்படி. மார்ச்சில் நான் "மூவாயிரம் கூடுதல்" என்று எழுதியபோது அது ஜிஎஸ்டியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று அந்தத் தம்பிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. தெரியாத இடத்தில் வேலை நின்றுவிடும், யாரும் போன் செய்து கேட்பதில்லை.

சரியாக இருக்கும் மூன்றாவது வரியையும் எழுதியது சிலருக்குத் தேவையில்லை என்று தோன்றலாம். எனக்கு அது அவசியமாகப் படுகிறது. அதை விட்டுவிட்டால் கூட்டிப் பார்ப்பவருக்கு 83,320 வராது, நம் கணக்கில் ஏதோ தப்பு என்று மொத்தக் கடிதத்தையும் ஒதுக்கி வைத்துவிடுவார்.

இப்போது தேதி. 30, திங்கள்கிழமை, எனக்கு வேண்டிய கடைசி நாள். ஆனால் பதில் கேட்டது 27, வெள்ளி. நடுவில் 28 நான்காவது சனி, 29 ஞாயிறு. 30ஆம் தேதிக்குள் பதில் என்று போட்டிருந்தால், அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கேள்வி வரும், அதற்கு நான் விடை சொல்வதற்குள் ஜூலை பிறந்துவிடும். ஒரு நாள் முழுதாகக் கையில் வேண்டும் என்று நினைத்துத்தான் வெள்ளி போட்டேன். 23ஆம் தேதி எழுதி 24க்குள் பதில் கேட்பதும் சரியில்லை. அவர்களும் குடோனில் கேட்டு, மேனேஜரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு நான்கு வேலை நாள் நியாயம்.

"உடனே", "சீக்கிரம்" என்று எழுதினால் என்ன ஆகும் என்று மார்ச்சில் பார்த்துவிட்டேன். தேதி போட்டால் மட்டும் போதாது, அந்தத் தேதி ஏன் என்றும் ஒரு வாக்கியம் வேண்டும். காரணம் தெரிந்தால் அந்தப் பக்கத்துக் கணக்காளர் நமக்காகவே பேசுவார், ஏனென்றால் பில்லும் நோட்டும் ஒரே மாதத்தில் முடிந்தால் அவருக்கும் வேலை மிச்சம்.

பணத்தை முழுதாக நிறுத்தி வைத்தால் அவர்கள் ஓடி வருவார்களே என்று பட்டறையில் சிலர் கேட்டார்கள். நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. சரியான 98,317 ரூபாயை நிறுத்தினால் பாக்கி வைத்தவர்கள் நாம் ஆகிவிடுவோம், பேச்சு பில்லை விட்டுவிட்டுப் பாக்கிக்குப் போய்விடும். அதே சமயம், கிரெடிட் நோட்டும் வராமல் மீதிப் பணமும் கொடுக்காமல் ஒரு பில்லைத் தொங்க விடுவதும் ஆபத்து. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்காத தொகைக்கு நாம் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிப் பயனை வட்டியோடு திருப்ப வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு வந்த பில்களை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் ஐஎம்எஸ் பக்கத்தில் அந்தப் பில்லையே நிராகரித்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்திருந்தால் 752 ரூபாய் வரித் தகராறுக்காக 15,750 ரூபாய் வரிப் பயனை இழந்து நின்றிருப்போம். சரக்கு வந்த பில்லுக்கு அது மருந்தே இல்லை.

கடிதம் போன மறுநாள் அந்தத் தம்பி போன் செய்தார். "அக்கா, ஜிஐ பத்து ஷீட்தான், குடோன் நோட்டுல இருக்கு. லாரி வாடகையும் தப்பா ஏறிடுச்சு. ஆனா ரேட்டுக்கு மேனேஜர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு." மேனேஜர் சொன்ன காரணம், ஜூன் 16 முதல் ரேட் 70 ஆகிவிட்டது, சரக்கு போனது 18, அதனால் 70தான் என்பது. நான் அவரோடு போனில் வாதாடவில்லை. "தம்பி, அதை அப்படியே மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்க. மத்த ரெண்டு வரிக்கும் நோட் போட ஆரம்பிச்சிடுங்க" என்றேன்.

வரிகளைத் தனித்தனியாக எழுதியதன் பலன் அங்கேதான் தெரிந்தது. ஒரே தொகையாக 4,932 கேட்டிருந்தால் ரேட் தகராறு முடியும் வரை மற்ற இரண்டும் அதோடு கட்டுண்டு கிடந்திருக்கும்.

25ஆம் தேதி மேனேஜரின் மெயில் வந்தது. இரண்டு வரியில் பதில் எழுதினேன்: ஜூன் 13 அன்று நீங்கள் 68க்கு ஏற்றுக்கொண்டீர்கள், அதில் அனுப்பும் தேதி பற்றிய நிபந்தனை இல்லை. இனிமேல் ரேட்டுக்குக் காலவரம்பு வேண்டுமானால் ஏற்கும் மெயிலிலேயே போடுங்கள், நாங்கள் அதற்கேற்ப ஆர்டர் தருகிறோம். அந்த ஜூன் 13 மெயிலையும் கீழே மறுபடி இணைத்தேன். அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. முதலாளி, "காரமா ஒரு வரி சேர்த்துடும்மா" என்றார். வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டேன். ஒத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவரைக் கூடக் காரமான வார்த்தை வீம்பு பிடிக்க வைத்துவிடும்.

27 வெள்ளி மதியம் மூன்று வரிக்கும் சம்மதம் என்று பதில் வந்தது. 30 திங்கள் காலை பதினோரு மணிக்குக் கிரெடிட் நோட் வந்தது. முதல் வேலையாக க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தேன். கிரெடிட் நோட் என்றே காட்டியது, தொகை 4,932.40, தேதி ஜூன் 30. நோட்டில் மூலப் பில்லின் நம்பரும் இருந்தது. அது இல்லாமல் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன், எந்தப் பில்லுக்கு எந்த நோட் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

ஜூலை 14 அன்று 2பியைத் திறந்தேன். ஜூன் 18 பில் ஒரு வரி, அதற்குக் கீழே கிரெடிட் நோட் ஒரு வரி. 15,750இல் 752.40 போக 14,997.60. கடிதத்தில் எழுதிய அதே எண். ஜூலை 18 அன்று 98,317.60ஐ நெஃப்ட்டில் பைசாவோடு அனுப்பினேன். முழு ரூபாயாக்கி அனுப்பினால் லெட்ஜரில் 40 பைசா தொங்கும், அப்புறம் வருடக் கடைசியில் அதற்கு ஒரு பதிவு. பணம் போனதற்கு வங்கி தரும் யுடிஆர் எண்ணை அந்தத் தம்பிக்கு அனுப்பி, "உங்கள் லெட்ஜரில் எங்கள் பாக்கி பூஜ்யமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் வந்தது, பூஜ்யம்.

அடுத்த சரக்கு ஆகஸ்டில் வந்தது. செலானில் கிலோவுக்குப் பக்கத்தில் "12 ஷீட்" என்று பேனாவால் எழுதியிருந்தது. அந்தத் தம்பியின் கையெழுத்துதான்.